தினமும் தட்டும் செயலியை விட்டுவிட்டு நாள்காட்டியும் நோட்டும்: ஏற்காட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எப்படி அமைப்பது?

சூரமங்கலத்தான் | 14 ஜூன் 2025, இரவு 9.40

அம்மாவுக்கு 74 வயது. ஏற்காட்டில் நாகலூர் சாலையோரம் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். கீழே வந்துவிடுங்கள் என்று பலமுறை அழைத்தாயிற்று, வர மாட்டார். அந்தப் பேச்சை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றரை ஆண்டாக அவர் கைபேசியில் ஒரு செயலி வைத்திருந்தோம். காலை 9 மணிக்குள் அதில் 'நலம்' என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் எனக்குச் செய்தி வரும். முதல் சில மாதங்கள் நன்றாகவே போயிற்று. மழைக்காலம் வந்ததும் சிக்கல் தொடங்கியது. கடந்த டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அப்போது தொடர்ந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. அம்மா நலமாகத்தான் இருந்தார். மின்சாரமும் சிக்னலும்தான் இல்லை. அதன் பிறகும் மாதத்துக்கு மூன்று நான்கு முறை இப்படியே வந்தது. ஒருமுறை கைபேசியில் சார்ஜ் இல்லை. ஒருமுறை தட்டியும் போய்ச் சேரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கைபேசி படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. 9 மணி தாண்டியதும் செயலி சரியாகவே செய்தி அனுப்பியது. நான் அதைப் பார்த்தேன். மறுபடியும் சிக்னல்தான் என்று நினைத்து வேலையில் மூழ்கிவிட்டேன். அழைத்தபோது மணி 11. எடுக்கவில்லை. பக்கத்து எஸ்டேட் கணக்கர் போய்ப் பார்த்துத் தூக்கிவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் குளிர்ந்த தரையில் கிடந்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது செயலியை நிறுத்திவிட்டோம். அம்மா தாமே சொன்ன யோசனை இது: நாள் கிழிக்கும் காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி, காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பது, பக்கத்தில் ஒரு நோட்டில் ரத்த அழுத்த மாத்திரை போட்டதைக் குறிப்பது. இதை நம்பகமாக அமைப்பது எப்படி? இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

---

பஜார் தெரு | 14 ஜூன், இரவு 10.25

செவ்வாய்ப்பேட்டையில் காலண்டர் வியாபாரம் செய்கிறேன். எந்தக் காலண்டர் வாங்குவது என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வழி உண்டு. திதி, நட்சத்திரம் முடியும் நேரம் இரண்டிலும் ஒன்றுபோல் இராது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பார்த்து வாங்குங்கள். ஆண்டின் நடுவில் புதுக் காலண்டர் கிடைப்பது அரிது. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்றுதான் அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியிடுவார்கள், கடைக்குச் சரக்கு வர அதற்குப் பிறகு மாதங்கள் ஆகும். வேண்டுமானால் என் கிடங்கில் மிச்சம் இருக்கும் ஒன்றைப் பார்த்துச் சொல்கிறேன்.

---

சூரமங்கலத்தான் | 14 ஜூன், இரவு 10.40

நன்றி ஐயா. காலண்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதைக் கிழிப்பதையே 'எழுந்துவிட்டேன்' என்ற அடையாளமாக வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

---

சர்வீஸ் கடை | 15 ஜூன், காலை 8.05

கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். செயலியின் மேல் கோபப்பட்டுக் காகிதத்துக்குப் போக வேண்டாம். இணையம் இல்லாதபோதும் எஸ்எம்எஸ் போகும். 'நலம்' என்று எஸ்எம்எஸ் அனுப்பும் பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஒரு முறை சார்ஜ் போட்டால் ஐந்தாறு நாள் நிற்கும். உங்கள் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

---

மின்கம்பம் | 15 ஜூன், காலை 9.30

இணையம் வேண்டாம் என்பது சரி, கோபுரம் வேண்டுமே தம்பி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலையில் பெருமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், பாதை திறந்து ஆள் போய்ச் சேரும்வரை மின்சாரம் வராது. செல்போன் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசல் ஊற்றியாக வேண்டும். பாதை அடைபட்டால் டீசலும் போகாது. அப்போது எஸ்எம்எஸ், இணையம் எல்லாம் ஒன்றாகத்தான் நிற்கும். சாதாரண நாளுக்கு உங்கள் யோசனை உதவும். இவர் பயப்படுவது அந்த மற்ற நாட்களை நினைத்துத்தான்.

---

ஓய்வுபெற்ற செவிலி | 15 ஜூன், மதியம் 2.15

30 ஆண்டுகளுக்குமேல் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தேன். நோயாளிகள் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவரும் நோட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர்தர் ஸ்டோன் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் காகித ஏட்டைக் கொடுத்து, நாளுக்கு மூன்று வேளை குறித்த நேரத்தில் எழுதச் சொன்னார்கள். ஏட்டின் உறைக்குள், திறந்தால் வெளிச்சத்தை உணரும் கருவியை அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் 90 சதவீதம் குறித்த நேரத்தில் எழுதியதாக இருந்தது. கருவி சொன்ன உண்மை 11 சதவீதம். ஏட்டைத் திறக்கவே திறக்காத நாட்களுக்கும் பிறகு உட்கார்ந்து எழுதி நிரப்பியிருந்தார்கள். மின்னணுக் கருவியில் எழுதியவர்களோ 94 சதவீதம் ஒழுங்காக எழுதினார்கள்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காலி இடம் விட்டு நோட்டைக் கொடுக்க மனிதருக்குக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். மருத்துவரைப் பார்க்க வரும் பஸ்ஸிலேயே ஒரு மாதத்தை எழுதி முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், எண்கள் எல்லாம் 120/80, 130/80 என்று பூஜ்யத்தில் முடியும். உண்மையில் அன்றன்று எழுதிய நோட்டில் ஒரு நாள் மை மங்கியிருக்கும், ஒரு நாள் எண்ணெய்க் கறை இருக்கும், 137 என்றும் 84 என்றும் எண்கள் சிதறிக் கிடக்கும்.

இதையெல்லாம் சொல்வது காகிதம் வேண்டாம் என்பதற்காக இல்லை. அந்த ஏட்டை அன்றன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. உங்கள் காலண்டரையும் யாரும் பார்க்காவிட்டால் அது வெறும் காகிதம்தான். ஆகவே, எந்த நோட்டு, எந்தக் காலண்டர் என்று யோசிக்கும் முன் ஒன்றைச் சொல்லுங்கள்: காலையில் அந்த வீட்டுக்குத் தவறாமல் வருபவர் யார்?

---

சூரமங்கலத்தான் | 15 ஜூன், மாலை 6.50

பால் ஊற்றும் அக்கா ஒருவர் வருகிறார். காலை 6.45க்கு, ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகும். ஞாயிறும் வருவார். சமையலறை ஜன்னல் வழியாகப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போவார். அம்மா அந்த நேரத்தில் பெரும்பாலும் பூஜையில் இருப்பார், எனவே இருவரும் பார்த்துக்கொள்வது குறைவு.

---

ஓய்வுபெற்ற செவிலி | 15 ஜூன், இரவு 8.00

அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும் சுவரில் காலண்டரை மாட்டுங்கள். வேறு எங்கும் வேண்டாம்.

பிறகு இரண்டு கேள்விகளையும் பிரித்துவிடுங்கள். அம்மா எழுந்து நடமாடுகிறாரா என்பது ஒன்று, மாத்திரை போட்டாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் காலண்டர் தாள் பதில் சொல்லட்டும். 6.45க்கு நேற்றைய தாளே தொங்கினால் பால் அக்கா சும்மா போகக் கூடாது. அதற்கு மேல் என்ன செய்வது என்பதை இன்றே பேசி முடிவு செய்து, ஒரு அட்டையில் எழுதி ஜன்னலுக்குள் ஒட்டுங்கள். முதலில் பெயர் சொல்லி அழைப்பது, கதவைத் தட்டுவது. பதில் இல்லாவிட்டால் எஸ்டேட் கணக்கர் வீட்டுக்குப் போவது. அவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று நால்வர் கவலைப்படுவதில் பயனில்லை. உள்ளே போய்ப் பார்த்த பிறகு தேவைப்பட்டால் 108, பிறகு உங்களுக்குத் தகவல். நீங்கள் கடைசியில்தான் வருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். செயலியில் நீங்கள்தான் முதல் ஆள், ஒரு மணி நேரத்துக்கு அப்பால் இருப்பவர். இங்கே முதல் ஆள் ஜன்னலருகே நிற்பவர்.

இரண்டாம் கேள்விக்கு நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், அழுத்தம் பார்த்தால் அந்த எண், மாத்திரை போட்டதும் 'மா' என்று ஒரு எழுத்து, உடம்பைப் பற்றி ஒரு சொல். "திங்கள் 16, 8.10, 138/82, மா, முழங்கால்" என்ற அளவில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் எழுதலாம். பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் பத்து நாளில் நின்றுவிடும்.

தாளை மறந்துவிட்டுப் பூஜைக்குப் போகும் நாளும் வரும். அன்று பால் அக்கா கூப்பிடுவார், அம்மா வந்து கிழிப்பார். அதைத் தவறாக எண்ண வேண்டாம். உங்கள் செயலியில் ஒரு பொய்ச் செய்தியைத் தீர்க்க 20 வளைவு ஏற வேண்டியிருந்தது, இங்கே ஒரு குரல் போதும். அதனால்தான் அவர் சலித்துப் போய் விட்டுவிட மாட்டார்.

---

ஒண்டிக்கடை அக்கா | 16 ஜூன், காலை 7.20

நான் ஏற்காட்டுக்காரி, அதனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, காலண்டரைச் சாலைப் பக்கம் தெரியும்படி மாட்டாதீர்கள். இரண்டு நாள் தாள் கிழிக்காமல் தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். வாரக் கடைசியில் சுற்றுலா வண்டிகள் வரிசையாகப் போகிற சாலை அது. சமையலறை ஜன்னல் வீட்டின் பின்பக்கமாக இருந்தால் சரி.

இரண்டு, ஈரம். நம் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். வெளிச்சுவரில் மாட்டினால் ஆனி, ஆடியிலேயே அட்டை வளைந்து பூசணம் பூத்துவிடும். உள்சுவரில், அடுப்புச் சூடு எட்டும் பக்கமாக மாட்டுங்கள். நோட்டுக்கு ஜெல் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் எழுத்து கரைந்து பக்கம் முழுக்க நீலமாகும். சாதாரணப் பால்பாயின்ட் பேனா நிற்கும். பேனாவை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பேனாவைத் தேடப் போனவர் மாத்திரையை மறந்துவிடுவார்.

---

குகை நெசவாளி | 16 ஜூன், காலை 11.00

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. என் மனைவிக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் போட வேண்டும். மறந்து தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவதே குறைந்துவிடுமாம்.

மகன் கைபேசியில் நினைவூட்டல் வைத்துக் கொடுத்தான். அவன் அறியாமலே அது தினசரி என்று பதிவாகியிருந்தது. செவ்வாய் போட்டாள், புதன்கிழமையும் மணி அடித்தது. டப்பாவைக் கையில் எடுத்தவள், நேற்றுத்தானே போட்டோம் என்று சந்தேகப்பட்டு என்னைக் கேட்டதால் தப்பினோம். அன்று முதல் மாதக் காலண்டரில் செவ்வாய்க் கட்டங்களை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். போட்டதும் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போடுவாள். வட்டம் இல்லாத நாளில் அந்த டப்பாவைத் தொடவே கூடாது. ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறொரு நாள், அதற்குப் பச்சை. தறியில் உட்கார்ந்தபடியே எனக்கு முழு மாதமும் ஒரே பார்வையில் தெரிகிறது. கைபேசி எனக்கு இன்றைய நாளை மட்டும்தான் காட்டியது, நேற்றையதைக் காட்டவில்லை.

---

ஓய்வுபெற்ற செவிலி | 16 ஜூன், மதியம் 1.40

நெசவாளி ஐயா, மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இன்னும் ஒன்று. அந்த மாத்திரைச் சீட்டில் நான்கு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டில் வையுங்கள், அதற்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். குறி தவறினாலும் சேதம் அளவோடு நிற்கும்.

---

மஸ்கட் மகன் | 17 ஜூன், அதிகாலை 1.15

எல்லாம் படித்தேன். பால் அக்கா, எஸ்டேட் கணக்கர் இருப்பவர்களுக்கு இது சரி. என் பெற்றோர் சேலத்தில் அழகாபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். பால் பாக்கெட் வாசலில் பையில் விழும், கொண்டுவருபவர் யாரென்றே தெரியாது. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் கடல் தாண்டி இருக்கிறேன். எனக்குச் செயலியை விட்டால் என்ன வழி? அவர்கள் நோட்டை தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாமா?

---

ஓய்வுபெற்ற செவிலி | 17 ஜூன், காலை 10.10

உங்களுக்குச் செயலியோ தினசரி ஒரு அழைப்போ தேவைதான் தம்பி. பார்க்கும் ஆள் இல்லாத இடத்தில் காகிதம் காவல் காக்காது. நோட்டை தினமும் படம் எடுத்தால் அது மறுபடியும் கைபேசி வேலையாகிவிடும், இரண்டு வேலையாகவும் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு படம் போதும், மாத்திரைக் கணக்குப் பார்க்க. காலையில் எழுந்துவிட்டார்களா என்பதற்கு, குடியிருப்புக் காவலாளியிடம் பேசிப் பாருங்கள். பால் பை 7.30க்குள் உள்ளே போகவில்லை என்றால் மணி அடிக்கச் சொல்லலாம். அவர் மாறிக்கொண்டே இருப்பவராக இருந்தால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

---

சூரமங்கலத்தான் | 29 ஜூன், இரவு 9.00

போன ஞாயிறு மேலே போய் அமைத்துவிட்டு வந்தேன். காலண்டர் சமையலறை உள்சுவரில், பின்ஜன்னலுக்கு நேரே. அதற்குக் கீழே ஆணியில் நோட்டு, நூலில் பேனா. மாற்றுச் சாவி கணக்கர் வீட்டில். அட்டையும் ஒட்டியாயிற்று. பால் அக்கா, "இத்தனை நாள் நானே யோசித்ததுதான் தம்பி, யாரும் சொல்லாமல் எப்படி எட்டிப் பார்ப்பது என்று பேசாமல் போய்விடுவேன்" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அம்மா தாளைக் கிழிப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதும் செய்வதுதானே என்கிறார். நோட்டுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைக்கிறாயே" என்றார்.

---

ஒண்டிக்கடை அக்கா | 30 ஜூன், காலை 7.45

அந்த நோட்டை அவருக்கும் வேண்டியதாக ஆக்குங்கள். மழை எத்தனை நாள் பெய்தது, மிளகுக் கொடி எப்போது பூத்தது என்று கடைசிச் சொல்லை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். என் அத்தை 40 ஆண்டு மழைக் கணக்கு வைத்திருந்தார். மாத்திரைக் கணக்கு அதன் ஓரத்தில்தான் இருந்தது.

---

சூரமங்கலத்தான் | 20 ஜூலை, இரவு 10.30

ஒரு புதிர். ஜூலை 1ஆம் தேதி அம்மாவிடம் சரியாக 30 ரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தன. பத்து பத்தாக மூன்று சீட்டு, நானே எண்ணி வைத்தேன். நாளுக்கு ஒன்று. இன்று மாலை போய்ப் பார்த்தேன். நோட்டில் 1 முதல் 20 வரை ஒரு நாள் விடாமல் 'மா' இருக்கிறது. அப்படியானால் 10 மிஞ்ச வேண்டும். 13 இருக்கின்றன. அம்மா பொய் எழுதுபவர் இல்லை. கேட்கவும் மனம் வரவில்லை. எண்ணுவதில் நான்தான் தவறிவிட்டேனா?

---

ஓய்வுபெற்ற செவிலி | 20 ஜூலை, இரவு 11.05

நீங்கள் தவறியிருக்க மாட்டீர்கள். அவரும் பொய் எழுதவில்லை. நோட்டை எங்கே மாட்டினீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, காலண்டருக்குக் கீழே. தாளைக் கிழிக்கும் கையோடு 'மா' என்றும் எழுதிவிடுகிறார். அது ஆறு மணிக்கு. மாத்திரை காலை உணவுக்குப் பிறகு, எட்டு மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. எழுதியாகிவிட்டதால் போட்டாகிவிட்டது என்றும் தோன்றிவிடும். இது என் தவறும்தான், இரண்டையும் பிரிக்கச் சொன்ன நான் இடத்தையும் பிரிக்கச் சொல்லவில்லை.

அந்த மூன்று நாட்களில் காலை உணவு வழக்கம்போல் இருந்திருக்காது. வாரத்தில் ஏதாவது ஒரு நாள் விரதம் இருக்கிறாரா?

---

சூரமங்கலத்தான் | 20 ஜூலை, இரவு 11.20

சனிக்கிழமை. பெருமாளுக்கு ஒருபொழுது. மதியம்தான் சாப்பிடுவார்.

நோட்டின் படம் கையில் இருக்கிறது. ஜூலை 5, 12, 19. மூன்று சனிக்கிழமைகள்தான்! அந்த மூன்று வரியிலும் 'மா' இருக்கிறது, ஆனால் அழுத்தத்தின் எண் இல்லை. மற்ற நாட்களில் சாப்பிட்டுவிட்டு அழுத்தம் பார்த்து எண்ணைப் பின்னர் சேர்த்திருக்கிறார். இத்தனை நேரம் அதை நான் கவனிக்கவே இல்லை.

---

ஓய்வுபெற்ற செவிலி | 21 ஜூலை, காலை 6.30

எண் இல்லாத வரியில் 'மா' மட்டும் இருந்தால் அது முன்கூட்டியே எழுதியது. நோட்டைப் படிக்கும்போது இனி அதைத் தேடுங்கள்.

சனிக்கிழமை வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைப் போடலாமா, மதியத்துக்குத் தள்ளலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரைக்கு மாத்திரை விதி மாறும், இங்கே நான் சொல்வது முறையில்லை. விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாகப் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

நோட்டை மாத்திரை டப்பா இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். டப்பா நோட்டின் மேல் உட்காரட்டும். தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். அழுத்தத்தை மாத்திரைக்கு முன்பு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் சீட்டை எண்ணி, மிச்சம் எத்தனை என்று அம்மாவே நோட்டின் ஓரத்தில் எழுதட்டும். நீங்கள் போய் எண்ணினால் அது சோதனை போலிருக்கும்.

---

சர்வீஸ் கடை | 21 ஜூலை, காலை 9.15

செவிலி அம்மா, ஒரு கேள்வி. இதே இடத்தில் ஒரு செயலி இருந்திருந்தால், அதிலும் அவர் ஆறு மணிக்கே தட்டியிருப்பார், சரிதானே? ஆனால் தட்டிய நேரம் பதிவாகியிருக்கும். நோட்டில் அவர் எழுதிய நேரம் மட்டும்தான் இருக்கிறது. அந்த வகையில் செயலி மேல்தானே?

---

ஓய்வுபெற்ற செவிலி | 21 ஜூலை, மதியம் 12.30

நேரத்தைப் பொறுத்தவரை மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மணிக்குத் தட்டினார் என்று தெரிந்தாலும் மாத்திரை விழுங்கினாரா என்று தெரியாது. அதைச் சீட்டுதான் சொன்னது. எது வைத்திருந்தாலும் சீட்டை எண்ணியாக வேண்டும்.

---

சூரமங்கலத்தான் | 27 ஜூலை, இரவு 8.45

மருத்துவரைப் பார்த்தோம். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பும் போடலாம் என்றார், சனிக்கிழமையும் எட்டு மணிக்கே தண்ணீரோடு போடச் சொன்னார். "தண்ணீரும் மருந்தும் விரதத்தைக் கெடுக்காது" என்று அம்மாவே சொல்லிக்கொண்டார். நேற்று சனிக்கிழமை வரியில் 8.05, 141/84, மா, 'சாரல்' என்று இருந்ததாகத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்.

---

பஜார் தெரு | 3 ஆகஸ்ட், மாலை 5.00

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அன்று கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இன்று ஆடிப் பெருக்கு, புது ஆல்பம் வந்துவிட்டது. உங்கள் வேலைக்கு என் பங்காக ஒன்று சொல்கிறேன். அட்டையில் பொருத்திய தினசரி தாள்களில் அளவு பல உண்டு, பெரிய அளவில் தேதி எழுத்து ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரியும். அதையே வாங்குங்கள். வழவழப்பான தாள் உள்ள மாதக் காலண்டரில் பேனா சறுக்கும், குறி போட அது சரிவராது. புதுக் காலண்டரை டிசம்பர் 31 இரவே பழையதன் மேல் மாட்டிவிடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் பல வீடுகளில் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் ஆணி மட்டும் இருக்கும்.

---

சூரமங்கலத்தான் | 9 நவம்பர், இரவு 9.20

நான்கு மாதம் ஓடிவிட்டது. இதுவரை பால் அக்கா குரல் கொடுத்தது ஆறு முறை. ஐந்து முறை அம்மா மறந்திருக்கிறார். ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். கணக்கர் சாவியோடு உள்ளே போனபோது மணி 7. எனக்குத் தகவல் வரும்போது 7.20, அதற்குள் கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு எண்ணிக்கை இப்போது ஒன்றுகூடப் பிசகுவதில்லை. நோட்டில் கடைசிச் சொல் பெரும்பாலும் மழையைப் பற்றித்தான்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். காப்பி பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. பால் அக்கா எஸ்டேட்டுக்குப் போக வேண்டியிருப்பதால், இனி பிப்ரவரி வரை பாலை 5.30க்கே ஊற்றிவிட்டுப் போவாராம். அந்த நேரத்தில் இருட்டு, அம்மாவும் எழுந்திருக்க மாட்டார். முந்தின நாள் தாள்தான் தொங்கும்.

---

ஒண்டிக்கடை அக்கா | 10 நவம்பர், காலை 7.10

கணக்கர் காலையில் ஆள் கணக்கு எடுக்க அந்த வழியாகத்தானே போவார்? பின்ஜன்னல் பக்கம் சுற்றி வருவது அவருக்கு நாலடி கூடுதல். கேட்டுப் பாருங்கள்.

---

சூரமங்கலத்தான் | 10 நவம்பர், காலை 7.35

ஏழு மணிக்குப் போகிறவர்தான். ஆனால் சாவியும் அவரிடம், பார்ப்பதும் அவர் என்றால், அவர் விடுப்பில் போகும் நாளில் இரண்டும் சேர்ந்து நின்றுவிடுமே. சாவியை வேறு வீட்டில் கொடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.